கணவன் மனைவி சேர்ந்து வாங்கிய ஃபிளாட்: கடன் வட்டியையும் அசலையும் வரிக் கணக்கில் பிரிப்பது எப்படி

"ஆளுக்கு ரெண்டு லட்சம் வட்டி கழிச்சுக்கலாம், அசலுக்கு ஆளுக்கு ஒன்றரை லட்சம். மொத்தம் ஏழு லட்சம்னு பேங்க்லயே சொன்னாங்க சார்." ஜனவரி மாதம், ஆபீசில் முதலீட்டு ஆதாரம் கேட்கும் சமயத்தில், இப்படிச் சொல்லிக்கொண்டு வரும் தம்பதிகள் அதிகம். கையில் ஒரே வட்டிச் சான்றிதழின் இரண்டு ஜெராக்ஸ் இருக்கும். ஒன்று அவர் ஆபீசுக்கு, இன்னொன்று இவர் ஆபீசுக்கு.

பேங்கில் சொன்னது பொய்யில்லை, ஆனால் பழைய செய்தி. 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு அந்த ஏழு லட்சத்தில் பெரும்பகுதி பல குடும்பங்களுக்கு வெறும் காகிதக் கணக்காகிவிட்டது. அதனால் எப்படிப் பிரிப்பது என்று பார்க்கும் முன்னால், பிரித்தால் யாருக்காவது பலன் உண்டா என்று பார்க்க வேண்டும். ஒரு தம்பதியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எண்களைக் கொஞ்சம் முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

இருவருக்கும் பெங்களூரில் வேலை. கணவருக்கு ஆண்டுச் சம்பளம் 24 லட்சம், மனைவிக்கு 12 லட்சம். கோயம்புத்தூரில் 85 லட்சத்துக்குக் கட்டி முடித்த ஃபிளாட் ஒன்றை இருவர் பெயரிலும் வாங்கினார்கள். அதில் கணவரின் பெற்றோர் இருக்கிறார்கள், வாடகை இல்லை. பெங்களூரில் இவர்கள் இருப்பது மாதம் 40,000 ரூபாய் வாடகை வீட்டில். வாடகையைக் கணவர் கட்டுகிறார். கடன் 60 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம். இ.எம்.ஐ. 52,069 ரூபாய். 2025-26 நிதியாண்டில் கட்டியது மொத்தம் சுமார் 6.25 லட்சம். அதில் வட்டி 5.05 லட்சம், அசல் 1.19 லட்சம்.

முதலில்: கழிவு கேட்கும் தகுதி யாருக்கு?

மூன்று விஷயம் ஒருவரிடமே சேர்ந்திருக்க வேண்டும். கிரையப் பத்திரத்தில் பெயர், கடன் ஒப்பந்தத்தில் பெயர், தவணையைத் தன் பணத்திலிருந்து கட்டுவது. பத்திரத்தில் பெயர் இல்லாமல் கடனில் மட்டும் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டவருக்கு, முழு இ.எம்.ஐ.யையும் அவரே கட்டினாலும் ஒன்றும் கிடையாது. மனைவிக்கு நல்ல சம்பளம், கடன் தகுதிக்காக அவரையும் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் மனை கணவரின் அப்பா வழியில் வந்தது, பத்திரம் கணவர் பெயரில் மட்டும் என்ற நிலை அடிக்கடி வரும். அங்கே மனைவியின் கழிவு முதல் நாளே அடிபட்டுப்போகிறது.

மூன்றும் இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி உச்சவரம்பு. சொந்தமாகக் குடியிருக்கும் வீடு என்றால் 24(பி) பிரிவில் வட்டிக்கு ஆளுக்கு 2 லட்சம், 80சி-யில் அசலுக்கு ஆளுக்கு 1.5 லட்சம். இவை 1961 சட்டத்தின் பிரிவு எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருவதால் எண்கள் மாறுகின்றன. 80சி இனி 123. 2025-26 கணக்கு பழைய எண்களிலேயே நடக்கும்.

கோயம்புத்தூர் ஃபிளாட்டில் இவர்கள் குடியில்லையே என்று கேட்கலாம். வாடகைக்கு விடாத வரை, ஒருவருக்கு இரண்டு வீடு வரை சொந்தக் குடியிருப்பாகவே கணக்கு. ஏன் அங்கே குடியில்லை என்று காரணம் சொல்ல வேண்டிய நிபந்தனையும் இப்போது இல்லை. இரண்டு வீடு இருந்தாலும் 2 லட்சம் என்ற வரம்பு இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

அடுத்து: யாருக்கு எந்த வரி முறை?

இந்த இரண்டு கழிவும், சொந்தக் குடியிருப்பைப் பொறுத்தவரை, பழைய வரி முறையில் மட்டுமே உண்டு. புதிய முறையில் வட்டியும் இல்லை, அசலும் இல்லை. சம்பளக்காரர்கள் ஒவ்வொரு வருடமும் எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். கணவன் ஒன்று, மனைவி ஒன்று என்றும் இருக்கலாம். இதைத்தான் பலர் யோசிப்பதில்லை.

மனைவியை முதலில் பார்ப்போம். சம்பளம் 12 லட்சம். புதிய முறையில் 75,000 நிலைக் கழிவு போக 11.25 லட்சம். 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். பழைய முறையில் வட்டி 2 லட்சம், 80சி 1.5 லட்சம் இரண்டையும் முழுசாகக் கழித்தாலும் 8 லட்சம் வருமானம் நிற்கும். வரி 75,400 ரூபாய். ஆக அவர் பங்கு வட்டியால் அவருக்கு ஒரு ரூபாய்கூட லாபமில்லை. 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்கும் யாருக்கும் இதே கதைதான்.

கணவரின் கணக்கு இன்னும் சுவாரசியம். புதிய முறையில் 23.25 லட்சத்துக்கு வரி, செஸ் சேர்த்து, 2,92,500. பழைய முறையில் அவருக்கு என்னென்ன கழியும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அடிப்படைச் சம்பளம் 12 லட்சம், வரும் எச்.ஆர்.ஏ. 4.8 லட்சம். வருட வாடகை 4.8 லட்சத்தில் அடிப்படைச் சம்பளத்தின் பத்து சதவீதமான 1.2 லட்சம் போக, 3.6 லட்சம் விலக்கு. நிலைக் கழிவு 50,000. வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம். 80சி 1.5 லட்சம். தனக்கும் மூத்த குடிமக்களான பெற்றோருக்கும் கட்டும் மருத்துவக் காப்பீடு 75,000. என்.பி.எஸ். 50,000. எல்லாம் போக 15.15 லட்சம், வரி 2,77,680.

மிச்சம் 14,820 ரூபாய். அவ்வளவுதான். "2 லட்சத்துக்கு 31.2 சதவீதம், 62,400 மிச்சம்" என்று அவர் மனதில் வைத்திருந்த எண் எங்கே போனது என்று கேட்டார். வட்டிக் கழிவு இல்லையென்றால் அவர் பழைய முறைப் பக்கமே வந்திருக்க மாட்டார். அதனால் ஒப்பிட வேண்டியது புதிய முறையில் கட்டும் வரியோடுதான். எச்.ஆர்.ஏ. இல்லாமல் அந்த ஃபிளாட்டிலேயே குடியிருந்தால் பழைய முறை வரி 3,90,000. அப்போது யோசிக்கவே வேண்டாம், புதிய முறைதான்.

உங்கள் கணக்கை விரைவாகப் பார்க்க ஒரு அளவு சொல்கிறேன். நிலைக் கழிவைச் சேர்க்காமல், எச்.ஆர்.ஏ. விலக்கு உட்பட மற்ற கழிவுகள் எல்லாம் கூட்டினால், 15 லட்சம் சம்பளத்துக்கு சுமார் 5.44 லட்சம், 18 லட்சத்துக்கு 6.42 லட்சம், 24 லட்சத்துக்கு 7.88 லட்சம் தாண்டினால்தான் பழைய முறை லாபம். 25 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 8 லட்சம் தாண்ட வேண்டும் (50 லட்சத்துக்கு மேல் வரும் சர்சார்ஜ் கதை வேறு). சொந்த ஃபிளாட்டில் குடியிருந்துகொண்டு, எச்.ஆர்.ஏ. இல்லாமல் இந்த எண்ணைத் தொடுகிறவர்கள் மிகக் குறைவு. உங்கள் இருவர் கணக்கும் இதற்குக் கீழே என்றால், இருவரும் புதிய முறைக்குப் போய்விடுங்கள். பிரிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

பங்கு விகிதம்: பதிவு நாளில் முடிவாகும் விஷயம்

வட்டியை இத்தனைக்கு இத்தனை என்று பிரிக்கச் சொல்லிச் சட்டத்தில் ஒரு சூத்திரம் எழுதியிருக்கவில்லை. இணை உரிமையாளர்களின் பங்கு தெளிவாகத் தெரிந்தால் அவரவர் பங்குக்கு அவரவர் கணக்கு என்று 26-வது பிரிவு சொல்கிறது. கடனையும் அதே விகிதத்தில் சுமந்தால் கேள்விக்கு இடமில்லை. பத்திரத்தில் பாதி, கடனில் எண்பது சதவீதம் என்று இருந்தால்தான் வாதம் கிளம்பும்.

பல பத்திரங்களில் வாங்குபவர் இடத்தில் இரண்டு பெயர் மட்டும் இருக்கும், பங்கு எழுதியிருக்காது. அப்போது சொத்து மாற்றுச் சட்டத்தின் 45-வது பிரிவு வந்து நிற்கும். இருவரும் தனித்தனிப் பணத்தில் வாங்கியிருந்தால், போட்ட பணத்தின் விகிதப்படி பங்கு. யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லையென்றால் சரிபாதி. ஆதாரம் தேடும் வேலையே வேண்டாம் என்றால், ஆவண எழுத்தரிடமோ வக்கீலிடமோ சொல்லி "ஆளுக்குச் சரிபாதி" என்றோ "60-க்கு 40" என்றோ பத்திரத்திலேயே ஒரு வரி போடச் சொல்லுங்கள். பதிவான பிறகு விகிதத்தை மாற்ற வேண்டுமென்றால் விடுதலைப் பத்திரம், தானப் பத்திரம் என்று மறுபடி சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டும், முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும். இந்த வருஷம் உனக்கு எழுபது, அடுத்த வருஷம் எனக்கு எழுபது என்று இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ள முடியாது.

இந்தத் தம்பதியில் வட்டியால் பலன் கணவருக்கு மட்டும்தான். அப்படியென்றால் அவர் பங்கைக் கூட்டி எழுதலாமா? மொத்த வட்டி 5.05 லட்சம். அவர் பங்கு 40 சதவீதமாக இருந்தாலே 2 லட்சம் நிரம்பிவிடுகிறது. 50 என்றாலும் 2 லட்சம், 60 என்றாலும் அதே 2 லட்சம். வித்தியாசம் பின்னால் வரும். வருடா வருடம் வட்டி குறைந்து அசல் கூடும். சரிபாதிப் பங்கில், 8-வது வருடம் வரை அவர் பங்கு வட்டி 2 லட்சத்துக்கு மேல் இருக்கும். 9-வது வருடம் 1.95 லட்சமாக இறங்கும். 60 சதவீதம் என்றால் 11-வது வருடம் வரை தாக்குப்பிடிக்கும். அந்த 11-வது வருடத்தில் சரிபாதிக்காரருக்குக் குறைவது சுமார் 27,000 ரூபாய்க் கழிவு, வரியில் 8,400 ரூபாய்.

பத்து வருடம் கழித்து வரப்போகும் 8,400 ரூபாய்க்காக, இன்று மனைவியின் பங்கில் 10 சதவீதத்தை, அதாவது 8.5 லட்ச ரூபாய்ச் சொத்தைக் குறைத்து எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்குள் மனைவியின் சம்பளம் கூடலாம், வரிச் சட்டம் இன்னும் இரண்டு முறை மாறலாம். அவர்கள் சரிபாதியே எழுதியிருந்தார்கள். அப்படியே இருக்கட்டும் என்றேன்.

பணம் போகும் வழி

பத்திரத்தில் பாதி என்றால் கடனிலும் பாதி தெரிய வேண்டும். இவர்கள் செய்தது எளிமையானது. கடன் கணக்கோடு இணைத்த கூட்டுக் கணக்கு ஒன்று. 3-ம் தேதி இருவர் சம்பளக் கணக்கிலிருந்தும் தலா 26,035 ரூபாய் அதற்குத் தானாகப் போய்விடும். 5-ம் தேதி இ.எம்.ஐ. பிடிப்பு. அந்தக் கணக்கில் வேறு வரவு செலவு கிடையாது. மளிகை, பள்ளிக் கட்டணம், வாடகை எல்லாம் கணவர் பக்கம். சம்பளம் குறைவான மனைவி எப்படிப் பாதி கட்டுவார் என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

மாறாக, முழு இ.எம்.ஐ.யும் கணவர் கணக்கிலிருந்து போய், மனைவி பாதி வட்டியைக் கேட்டால், அவர் எதைக் கட்டினார் என்று காட்ட ஒன்றும் இருக்காது. வட்டியைவிட அசலில்தான் இது நேராக உதைக்கும். 80சி உண்மையில் கட்டிய தொகைக்குத்தான் கிடைக்கும்.

மனைவிக்கு வருமானமே இல்லை, மொத்தப் பணமும் கணவருடையது, பத்திரத்தில் மட்டும் இருவர் பெயர் என்றால் கொஞ்சம் நிதானம் வேண்டும். குடியிருக்கும் வரை பிரச்சினை பெரிதாகத் தெரியாது. வாடகைக்கு விட்டாலோ விற்றாலோ, மனைவி பங்குக்கு வரும் வருமானத்தையும் கணவர் வருமானத்தோடு சேர்த்துவிடும் விதிகள் இருக்கின்றன. கணவன் கொடுத்த பணத்தில் மனைவி பெயரில் வாங்கினால் வரி தப்பிக்கும் என்ற கணக்கு அங்கே செல்லாது.

அசல்: பெரும்பாலும் ஏற்கெனவே நிரம்பிய பாத்திரம்

கணவரின் பங்கு அசல் 59,700. ஆனால் அவருக்குச் சம்பளத்திலிருந்து பிடிக்கும் பி.எஃப். மட்டுமே 1.44 லட்சம். 80சி-யில் மீதி இடம் 6,000 ரூபாய். அந்த 6,000-க்கு மேல் அசல் எவ்வளவு கட்டினாலும் வரியில் தெரியாது. முன்கூட்டி அசலை அடைத்தால் வரி மிச்சம் என்று நினைப்பவர்கள் முதலில் சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தத்தைப் பாருங்கள்.

பி.எஃப். குறைவாக உள்ளவர்களுக்கு அசல் கைகொடுக்கும். பதிவு செய்த வருடத்தில் கட்டிய முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும்கூட அதே 1.5 லட்சத்துக்குள் வரும், அந்த ஒரு வருடம் மட்டும். ஃபிளாட் கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் விற்றால், அதுவரை கழித்த அசல் முழுவதும் விற்ற வருட வருமானத்தில் திரும்பச் சேர்ந்துவிடும். கழித்த வட்டி திரும்ப வராது.

கட்டுமானத்தில் இருக்கும் ஃபிளாட் என்றால் கட்டி முடியும் முன் செலுத்திய அசலுக்கு 80சி கிடையாது. அந்தக் காலத்து வட்டியை, கட்டி முடிந்த வருடத்திலிருந்து ஐந்து சம பாகமாகக் கழிக்கலாம். ஆனால் அதுவும் 2 லட்சத்துக்குள்தான். நடப்பு வருட வட்டியே வரம்பைத் தாண்டும்போது அந்த ஐந்தில் ஒரு பங்குக்கு இடமேயில்லை. கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் கட்டி முடிக்காவிட்டால் 2 லட்சம் என்பது 30,000 ஆகச் சுருங்கிவிடும். பில்டர் இழுத்தடிக்கும் ஃபிளாட்டில் இது உண்மையான ஆபத்து. நிறைவுச் சான்றிதழின் தேதியை எழுதி வையுங்கள்.

நாளை வாடகைக்கு விட்டால்

பெற்றோர் பெங்களூருக்கே வந்து, ஃபிளாட்டை 20,000 ரூபாய்க்கு விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். வருட வாடகை 2.4 லட்சம் யார் கணக்கில் விழுந்தாலும், பத்திரப்படி ஆளுக்கு 1.2 லட்சம்தான் காட்ட வேண்டும். சொத்து வரியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். 30 சதவீத நிலைக் கழிவு போக ஆளுக்கு 84,000. இதற்கு எதிரே அவரவர் பங்கு வட்டி முழுவதும், 2.53 லட்சம், வரம்பில்லாமல் வரும்.

இங்கே மனைவியின் வட்டிக்கும் உயிர் வருகிறது. புதிய முறையிலும் வாடகை வருமானத்துக்கு எதிராக வட்டியைக் கழிக்கலாம். அவருடைய 84,000 பூஜ்யமாகிவிடும். மீதி நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க மட்டும் புதிய முறை விடாது. பழைய முறையிலிருக்கும் கணவருக்கு 1.69 லட்சம் நஷ்டம் சம்பளத்தில் கழியும். அங்கும் வருடத்துக்கு 2 லட்சம்தான் வரம்பு. முன்பு 2 லட்சம் கழிந்தது, இப்போது 1.69. அவருடைய 14,820 ரூபாய் லாபம் சுமார் 5,000 ஆகக் குறையும். அடுத்த இன்கிரிமென்டோடு மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய இடம் இது.

காகிதமும் ரிட்டர்னும்

வட்டிச் சான்றிதழில் பேங்க் இருவர் பெயரையும் போட்டு மொத்தத் தொகையைத்தான் தரும். பங்கு பிரித்துத் தராது, கேட்டு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளில் ஃபிளாட் விவரம், கடன் எண், பங்கு விகிதம், இந்த வருட வட்டியும் அசலும், அதில் ஆளுக்கு எவ்வளவு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, சான்றிதழோடு வைத்துக்கொள்ளுங்கள். கணவர் ஆபீசில் 12பிபி படிவத்தில் வட்டித் தொகையும் கடன் கொடுத்த வங்கியின் பெயர், முகவரி, பான் எண்ணும் எழுத வேண்டும். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் பெங்களூர் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணும் அதே படிவத்தில் வேண்டும். ஜனவரியில் கிடைப்பது தற்காலிகச் சான்றிதழ். ஏப்ரலில் இறுதிச் சான்றிதழ் வாங்கி, வட்டி விகிதம் இடையில் மாறியிருந்தால் அந்தத் தொகையை ரிட்டர்னில் போடுங்கள்.

பழைய முறையில் தாக்கல் செய்வோரிடம் ரிட்டர்ன் படிவம் இப்போது கடன் விவரங்களையும் கேட்கிறது: யாரிடம் கடன், கடன் கணக்கு எண், அனுமதித்த தேதி, மொத்தக் கடன், ஆண்டு முடிவில் பாக்கி, வட்டி. இருவரும் பழைய முறை என்றால் இரண்டு ரிட்டர்னிலும் ஒரே கடன் எண் இருக்கும். எனவே இருவர் கேட்கும் வட்டியைக் கூட்டினால் சான்றிதழில் உள்ள வட்டியைத் தாண்டக் கூடாது. அசலும் அப்படியே. ஜெராக்ஸ் எடுத்து இரண்டு ஆபீசிலும் கொடுப்பவர்கள் தவறுவது பெரும்பாலும் அசலில். வட்டி ஆளுக்கு 2 லட்சத்தில் நின்றுவிடுவதால் கூட்டினாலும் 5.05-க்குள் இருக்கும். 1.19 லட்சம் அசலையோ இருவரும் முழுசாகப் போட்டிருப்பார்கள். கூட்டினால் 2.38 லட்சம்.

இன்னொன்று, பழைய முறை வேண்டுமென்றால் ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டாக வேண்டும். தாமதமானால் புதிய முறைதான், கழிவு எதுவும் கிடையாது. இந்தக் கணவருக்கு ஜூலையைத் தவறவிட்டால் அந்த 14,820 போய்விடும்.

அன்று கிளம்பும்போது மனைவி தன் ஜெராக்ஸை நீட்டி, "அப்ப இதை நான் எங்க ஆபீஸ்ல கொடுக்கவே வேண்டாமா?" என்று கேட்டார். வேண்டாம், புதிய முறை என்று மட்டும் சொல்லுங்கள், சான்றிதழை வீட்டுக் கோப்பில் வையுங்கள், வாடகைக்கு விடும் வருடம் தேவைப்படும் என்றேன். அவருடைய 12பிபி-யில் வீட்டுக் கடன் கட்டம் காலியாகவே போனது.